எதிர்ப்பொருளின் ரகசியம் ஒட்டுமிடத்தில் இருக்கிறது

1976இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் சுசுமு தொனெகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் இரண்டு வகை டிஎன்ஏவை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று, இன்னும் பிறக்காத எலிக் கருவினுடையது. மற்றொன்று, கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளில் ஒரே ஒரு வகையை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும் எலிப் புற்று செல்லினுடையது. இரண்டையும் ஒரே வெட்டு நொதியால் துண்டாக்கி, ஜெல்லில் ஓடவிட்டு, துண்டுகளை நீளவாரியாகப் பிரித்தார்கள். எதிர்ப்பொருளின் செய்தி ஆர்என்ஏவைக் கதிரியக்கத்தால் அடையாளமிட்டு, அது எந்தத் துண்டில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று தேடினார்கள்.

கருவின் டிஎன்ஏவில் அது இரண்டு வெவ்வேறு துண்டுகளில் ஒட்டியது. எதிர்ப்பொருள் சங்கிலியின் ஒரு பாதிக்கான குறிப்பு ஒரு துண்டிலும், மறுபாதிக்கான குறிப்பு இன்னொரு துண்டிலும் இருந்தன. புற்று செல்லிலோ இரண்டு பாதிகளும் ஒரே துண்டில் இருந்தன. அந்தத் துண்டு, கருவில் கண்ட இரண்டையும்விடச் சிறியது. எங்கோ தள்ளித்தள்ளி இருந்தவை, செல் வளர்ந்து வரும் வழியில் பக்கத்தில் பக்கமாக வந்து சேர்ந்திருக்கின்றன.

உடம்பின் எல்லா செல்களிலும் டிஎன்ஏ ஒன்றே, எதை வாசிப்பது என்பதில்தான் வேறுபாடு என்று பாடமாகச் சொல்லிவந்த காலம் அது. எதிர்ப்பொருள் சங்கிலி ஒன்றுக்கு இரண்டு மரபணுக்கள் இருக்கலாம் என்று டிரையரும் பென்னட்டும் 1965லேயே ஊகித்திருந்தார்கள். ஆனாலும் டிஎன்ஏவே உயிருள்ள செல்லுக்குள் வெட்டி ஒட்டப்படுகிறது என்பதைக் கண்ணால் காட்டியது பேசல் சோதனைதான். 1987இல் மருத்துவ நோபல் பரிசு தொனெகாவா ஒருவருக்கே கொடுக்கப்பட்டது.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பதில் எளிதில் பிடிபடும். மனிதரிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. நம் ரத்தமோ கோடிக்கணக்கான விதவிதமான எதிர்ப்பொருள்களைச் செய்யவல்லது. இதுவரை உலகில் இல்லாத, நேற்று ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய ரசாயனத்துக்குக்கூட அது எதிர்ப்பொருள் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு என்றால் டிஎன்ஏவில் இடமே போதாது.

தீர்வு, துண்டுகளாகச் சேமித்து வைப்பது. எதிர்ப்பொருளின் கனமான சங்கிலிக்குரிய பகுதி நம் 14ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அங்கே மூன்று வகைத் துண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றை வி, டி, ஜே என்பார்கள். பின்னால் வரும் டி செல் என்ற நோயெதிர்ப்பு செல்லோடு குழம்பிவிடாமல் இருக்க, இடையில் வரும் டி-யை நான் நடுத்துண்டு என்றே எழுதுகிறேன். வேலை செய்யக்கூடிய வி துண்டுகள் ஏறக்குறைய 40, நடுத்துண்டுகள் 23, ஜே துண்டுகள் 6. எலும்பு மஜ்ஜையில், எதிர்ப்பொருளைச் செய்யும் பி செல் ஒன்று முதிரும்போது முதலில் ஒரு நடுத்துண்டையும் ஒரு ஜே துண்டையும் சேர்க்கிறது. பிறகு அதன் முன்னால் ஒரு வி துண்டைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. இடையில் இருந்த டிஎன்ஏ வெளியே போய்விடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 40 × 23 × 6 = 5,520 விதம்.

இதோடு இலேசான சங்கிலி சேர வேண்டும். அதற்கு இரண்டு தனி இடங்கள் உண்டு. அங்கே நடுத்துண்டு கிடையாது, வி, ஜே மட்டும்தான். இரண்டு இடங்களும் சேர்ந்து சுமார் 320 விதம் தரும். 5,520ஐ 320ஆல் பெருக்கினால் 17 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. இருநூறுக்கும் குறைவான துண்டுகளிலிருந்து இவ்வளவு கிடைப்பது பெரிய ஆதாயம்தான். பல விளக்கங்கள் இந்தப் பெருக்கல் கணக்கோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. கோடிகளும் கோடிகோடிகளும் இந்தப் பெருக்கலிலிருந்து வருவதில்லை, துண்டும் துண்டும் சேரும் மூட்டிலிருந்து வருகின்றன. அந்த மூட்டைப் பார்ப்பதற்கு முன் வெட்டும் கத்தியைப் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஓர் அடையாளக் குறி இருக்கிறது. `CACAGTG` என்ற ஏழெழுத்து, பிறகு ஓர் இடைவெளி, பிறகு `ACAAAAACC` என்ற ஒன்பதெழுத்து. எழுத்துகள் அங்கங்கே கொஞ்சம் மாறலாம். இடைவெளியின் நீளம் மட்டும் மாறாது. அது 12 எழுத்தாகவோ 23 எழுத்தாகவோதான் இருக்கும். டிஎன்ஏ ஏணி ஒருமுறை முறுக்கிக்கொள்ள ஏறக்குறைய பத்தரை எழுத்து ஆகிறது. ஆகவே 12 என்பது ஒரு சுற்று, 23 என்பது இரண்டு சுற்று. 12 இடைவெளிக் குறியுள்ள துண்டு, 23 இடைவெளிக் குறியுள்ள துண்டோடு மட்டுமே சேரும் என்பது விதி. கனமான சங்கிலியில் வி-க்கும் ஜே-க்கும் 23. நடுத்துண்டின் இரு புறமும் 12. எனவே நடுத்துண்டைத் தாண்டி வி நேராக ஜே-யோடு சேர வழியில்லை. எண்ணிக்கை மூலமே வரிசை காக்கப்படுகிறது.

இந்தக் குறிகளைப் பிடித்து வெட்டும் நொதி, ராக்-1, ராக்-2 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்தது. அமெரிக்காவில் டேவிட் பால்டிமோர் ஆய்வகத்தில் டேவிட் ஷாட்சும் மார்ஜரி ஓட்டிங்கரும் 1989, 1990 ஆண்டுகளில் அவற்றின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கையாண்டது தோல், இணைப்புத் திசு வகையைச் சேர்ந்த சாதாரண செல்களை. அவற்றுக்கு எதிர்ப்பொருளோடு எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் இந்த இரண்டு மரபணுக்களையும் உள்ளே விட்டதும், கொடுத்த துண்டுகளை அந்த செல்கள் வெட்டி ஒட்ட ஆரம்பித்தன. அதாவது இந்த வேலைக்கென்றே பி, டி செல்கள் தனியாக வைத்திருக்கும் முக்கியக் கருவி கத்தி மட்டும்தான். ஒட்டுவதற்கான சாமான்கள் எல்லா செல்லிலும் ஏற்கெனவே இருக்கின்றன. டிஎன்ஏ இழை இரண்டும் அறுந்துபோனால் பழுதுபார்க்கும் வழக்கமான பணியாளர்கள்தான் அவை.

கத்தி எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான கதை. ராக் நொதி வெட்டும் விதம், டிஎன்ஏவில் ஓரிடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வேறிடத்தில் நுழையும் தாவும் மரபணுக்களின் விதத்தை அப்படியே ஒத்திருக்கிறது. சோதனைக் குழாயில் ராக் நொதியால் அப்படித் தாவச் செய்யவும் முடியும் என்று 1998இல் இரண்டு குழுக்கள் காட்டின. முதுகெலும்பிகளுக்குத் தூரத்து உறவான ஆம்ஃபியாக்சஸ் என்ற சிறு கடல் உயிரியில், ராக் மரபணுக்களைச் சுமந்துகொண்டு இன்றும் தாவக்கூடிய ஒரு டிஎன்ஏ துண்டு 2016இல் கிடைத்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரின் டிஎன்ஏவுக்குள் புகுந்த ஓர் ஒட்டுண்ணி, இன்று நம் காவல்காரனுக்கு ஆயுதம் செய்து கொடுக்கிறது.

இனி மூட்டுக்கு வருவோம். ராக் வெட்டும்போது, குறியுள்ள பக்கம் நேராக அறுபடுகிறது. மரபணுத் துண்டுள்ள பக்கத்திலோ இரண்டு இழைகளின் நுனியும் ஒன்றோடொன்று இணைந்து கொண்டை ஊசிபோல் மடங்கிக்கொள்கின்றன. குறியுள்ள நுனிகள் இரண்டும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒட்டப்படுகின்றன. கொண்டை ஊசி நுனிகள் அப்படி ஒட்டப்படுவதில்லை. அவற்றை முதலில் திறந்தாக வேண்டும். ஆர்ட்டெமிஸ் என்ற நொதி அதைத் திறக்கிறது, பெரும்பாலும் நட்டநடுவில் அல்லாமல் கொஞ்சம் தள்ளி. அதனால் எதிர் இழையின் ஓரிரு எழுத்துகள் இந்தப் பக்கம் வந்து தொங்குகின்றன. பிறகு வேறு நொதிகள் நுனியிலிருந்து சில எழுத்துகளைக் கடித்துத் தள்ளுகின்றன. அதற்கும் மேல், டெர்மினல் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி வந்து எந்த மூலப்படியையும் பார்க்காமல், கைக்கு வந்த எழுத்துகளை நுனியில் சேர்க்கிறது. நம் உடம்பில் டிஎன்ஏவைச் செய்யும் மற்ற நொதிகள் பெரும்பாலும் ஒரு படியைப் பார்த்து எழுதுபவை. இதுவோ தன் இஷ்டத்துக்கு எழுதுகிறது. கடைசியில் லிகேஸ்-4 என்ற நொதி இரண்டு நுனிகளையும் ஒட்டி முடிக்கிறது.

இது என்ன செய்யும் என்று பார்க்க, மனித டிஎன்ஏவில் உள்ள மூன்று துண்டுகளையே எடுத்துக்கொள்கிறேன். அவற்றின் பெயர்கள் `IGHV3-23`, `IGHD3-10`, `IGHJ4`. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்று வாசிக்க வேண்டும். வி துண்டின் முடிவில் இரண்டு எழுத்து கடிபட்டு `TGT GCG AAA` மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்துண்டின் 31 எழுத்தில் `GGTTCGGGGAGT` என்ற 12 மட்டும் தப்புகிறது. ஜே துண்டு முதல் இரண்டு எழுத்தை இழந்து `TAC TTT GAC TAC TGG` என்று தொடங்குகிறது. மூன்று செல்கள் இதே அளவுக்குக் கடித்தன என்றும், புதிதாகச் சேர்த்த எழுத்துகளில் மட்டும் வேறுபட்டன என்றும் கொள்வோம். சிற்றெழுத்தில் இருப்பவை புதிதாக நுழைந்தவை.

```
1)  TGT GCG AAA ccG GTT CGG GGA GTc TAC TTT GAC TAC TGG
2)  TGT GCG AAA cct GGT TCG GGG AGT TAC TTT GAC TAC TGG
3)  TGT GCG AAA ccG GTT CGG GGA GTT ACT TTG ACT ACT GG
```

முதல் செல்லில் நடுப்பகுதி புரோலின், வாலின், ஆர்ஜினின், கிளைசின், வாலின் என்று வாசிக்கப்படுகிறது. இரண்டாவதில் புரோலின், கிளைசின், செரின், கிளைசின், செரின். துண்டுகள் அதே மூன்று, நீளமும் அதே. முன்புறம் இரண்டு எழுத்துக்குப் பதில் மூன்று எழுத்து நுழைந்ததால் நடுத்துண்டை வாசிக்கும் கட்டம் ஓரெழுத்து நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் மின்னேற்றமுள்ள ஆர்ஜினின் இருந்த இடத்தில் இப்போது அது இல்லை. ஒன்று பற்றும் பொருளை மற்றது பற்ற வாய்ப்பு மிகக் குறைவு. நம் பெருக்கல் கணக்கில் இவை இரண்டும் ‘ஒரே விதம்’ என்று எண்ணப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எதிர்ப்பொருளின் நுனியில், வெளிப்பொருளைத் தொடுகிற வளையங்கள் சங்கிலிக்கு மூன்று. முதல் இரண்டும் வி துண்டுக்குள்ளேயே எழுதப்பட்டவை. மூன்றாவது வளையம் சரியாக இந்த மூட்டில்தான் விழுகிறது, பொதுவாகப் பற்றுமிடத்தின் மையத்திலேயே இருக்கிறது. மிக அதிகமாக மாறும் இடமும் மிக அதிகமாகத் தொடும் இடமும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. எலிகளில் டெர்மினல் டிரான்ஸ்ஃபெரேஸ் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, டி செல்கள் வெளிப்பொருளை அடையாளம் காண வைத்திருக்கும் ஏற்பிகளின் வகைகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின. துண்டுகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன. எழுத்து சேர்க்கும் அந்த ஒரு நொதிதான் இல்லை.

டி செல் ஏற்பிகளுக்கு அதே கத்தி, அதே 12/23 விதி, அதே பசை. வேலை நடக்குமிடம் மட்டும் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ். எதிர்ப்பொருள் மரபணு பின்னாளில் நோயைச் சந்தித்த பிறகு எழுத்து மாறி மாறி இன்னும் கூர்மையாகும். டி செல்லுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அது தன் மூட்டை மட்டுமே நம்பியிருக்கிறது.

இப்போது மேலே உள்ள மூன்றாவது வரியைப் பாருங்கள். அங்கே பின்புறம் ஓர் எழுத்து சேரவில்லை. அதனால் ஜே துண்டு தொடங்கும் இடத்தில் வாசிப்புக் கட்டம் பிசகி, அங்கிருந்து கடைசிவரை எல்லாமே தவறான சொற்களாகிவிட்டன. அந்தச் சங்கிலி உருவாகவே உருவாகாது. எழுத்துகள் தற்செயலாகக் கூடிக் குறைவதால், மூன்றில் இரண்டு ஒட்டுகள் இப்படித்தான் வீணாகின்றன. செல்லுக்கு இன்னொரு குரோமோசோம் இருக்கிறது, அதில் ஒருமுறை முயலலாம். முதல் முயற்சியில் மூன்றில் ஒன்று தேறும். தவறிய மூன்றில் இரண்டு பங்கில் மறுபடியும் மூன்றில் ஒன்று தேறும். கூட்டினால் ஒன்பதில் ஐந்து. மீதி நான்கு பங்கு செல்கள், கனமான சங்கிலி இல்லாமல் மஜ்ஜையிலேயே செத்துப்போகின்றன. உடம்பு இந்த விலையைத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய விலை, கத்தி தவறான இடத்தில் விழும்போது. ஃபாலிக்குலார் லிம்ஃபோமா என்ற ரத்தப் புற்றில் பெரும்பாலான நோயாளிகளிடம் 14ஆவது குரோமோசோமின் ஜே பகுதியோடு 18ஆவது குரோமோசோமின் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அந்தத் துண்டில் இருப்பது, செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் மரபணு. எதிர்ப்பொருளை இடைவிடாமல் எழுதவைக்கும் ஆணைகளின் கையில் அது சிக்கிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் நொதி சேர்த்த எழுத்துகளும் கிடக்கின்றன. தவறு எந்தப் பட்டறையில் நேர்ந்தது என்பதற்கு அவையே சாட்சி.

அந்த மூட்டு மருத்துவர்களுக்கு உதவவும் செய்கிறது. லிம்ஃபாய்டு வகை ரத்தப் புற்று வந்த குழந்தைக்குப் புற்று செல்கள் எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள். ஆகவே எல்லாவற்றிலும் மூட்டு ஒன்றுதான். சிகிச்சைக்கு முன் அந்த எழுத்து வரிசையைப் படித்து வைத்துக்கொண்டால், பிறகு மஜ்ஜையில் லட்சம் செல்லுக்கு ஒன்று ஒளிந்திருந்தாலும் அந்த வரிசையைத் தேடிப் பிடித்துவிடலாம்.

கத்தியோ பசையோ பிறவியிலேயே இல்லாவிட்டால் குழந்தைக்கு பி செல்லும் இல்லை, டி செல்லும் இல்லை. கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு என்ற நோய்த்தொகுதியில் இது ஒரு வகை. ராக் மரபணு பழுதானாலும் ஆர்ட்டெமிஸ் பழுதானாலும் வெளிப்பார்வைக்கு நோய் ஒன்றுபோலவே தெரியும். பிரித்தறிய ஒரு வழி கதிர்வீச்சு. ராக் வெட்ட மட்டுமே செய்யும், அது இல்லாத குழந்தையின் மற்ற செல்கள் நலமாகவே இருக்கும். ஆர்ட்டெமிஸோ உடம்பு முழுக்க அறுந்த டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பணியிலும் இருப்பது. அது இல்லாத குழந்தையின் தோல் செல்கள் கதிர்வீச்சில் சீக்கிரம் சாகும். மஜ்ஜை மாற்றுக்கு முன் எவ்வளவு கடுமையான மருந்து கொடுக்கலாம் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவின் நவஹோ மக்களிடையே, ஒரு பொது மூதாதையரிடமிருந்து வந்த ஆர்ட்டெமிஸ் பழுதால் ஏறக்குறைய 2,000 பிறப்புக்கு ஒரு குழந்தை இந்த நோயோடு பிறக்கிறது. இரண்டு பழுதுகளுமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோயாகும். சொந்தத்தில் திருமணம் இன்னும் வழக்கிலுள்ள தமிழ்நாட்டில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இத்தகைய குழந்தை பிறந்த அன்று பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில மாதம் காக்கும். ஆனால் நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் பிசிஜி, உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. டி செல் இல்லாத உடம்பில் அது பரவி உயிரையே பறிக்கலாம். எனவே முன்கூட்டியே அறிவது பெரிய காரியம். அதற்கு உதவுவது, வெட்டி எறியப்பட்ட டிஎன்ஏ.

டி செல்லில் டெல்டா என்ற ஏற்பி மரபணு, ஆல்ஃபா என்ற ஏற்பி மரபணுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆல்ஃபாவை அமைக்க வேண்டுமானால் டெல்டாவை வெட்டி எடுத்தாக வேண்டும். வெட்டிய துண்டின் இரு நுனிகளும், முன்பு சொன்ன குறிகள் பிசகாமல் ஒட்டுவதால், சேர்ந்து வளையமாகிவிடும். இந்த வளையத்துக்குப் படியெடுத்துக்கொள்ளத் தெரியாது. செல் இரண்டாகப் பிரிந்தால் ஒரு மகளுக்குத்தான் வளையம் கிடைக்கும். ஆகவே ரத்தத்தில் வளையங்கள் நிறைய இருந்தால், தைமஸிலிருந்து புதிய டி செல்கள் இப்போதுதான் வந்திருக்கின்றன என்று பொருள். குழந்தையின் குதிகாலில் குத்தி வடிதாளில் உலரவைத்த ரத்தப் புள்ளியிலிருந்து சிறு வட்டத்தைத் துளைத்தெடுத்து, பிசிஆர் முறையில் வளையங்களை எண்ணலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் இதைத் தொடங்கியது, 2018 முடிவுக்குள் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. முப்பது லட்சம் குழந்தைகளைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில் 58,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த நோய் வெளிப்பட்டது. இந்தியாவில் நாடு தழுவிய திட்டமாக இது இன்னும் வரவில்லை. வீட்டில் முன்பு ஒரு குழந்தை கைக்குழந்தைப் பருவத்திலேயே தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு பிசிஜி போடுவதற்கு முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வளையத்தை எண்ணுவதால் பிடிபடாதவையும் உண்டு. வெட்டி ஒட்டி முடித்த பிறகு டி செல்லின் உள்ளே சமிக்ஞை செல்லும் வழியில் பழுதிருந்தால், வளையங்கள் வழக்கம்போல் இருக்கும், செல்கள் மட்டும் வேலை செய்யாது. ஆனால் சாதாரண ரத்த எண்ணிக்கை ஏமாற்றிவிடும் ஒரு நோயை வளையம் காட்டிக்கொடுக்கிறது. கில்பர்ட் ஓமென் 1965இல் விவரித்த நோய் அது. அங்கே ராக் நொதி அடியோடு இல்லாமல் போவதில்லை, கொஞ்சம் மட்டும் வேலை செய்கிறது. அதனால் கைவிரலால் எண்ணத்தக்க சில டி செல்கள் தப்பி வருகின்றன. போட்டியே இல்லாத வெற்றிடத்தில் அவை பெருகிப் பெருகி ரத்தத்தை நிரப்புகின்றன, குழந்தையின் தோலையும் குடலையுமே தாக்குகின்றன. உடம்பெல்லாம் சிவந்து உரிகிறது, நிணநீர் முடிச்சுகள் வீங்குகின்றன. டி செல் எண்ணிக்கையைப் பார்த்தால் குறையே தெரியாது, சில வேளை கூடுதலாகக்கூட இருக்கும். மூட்டுகளைப் படித்தால் திரும்பத் திரும்ப அதே சில வரிசைகள்தான் வரும். ஒவ்வொரு பிரிவிலும் பாதிக்குப் பாதி நீர்த்துப்போன வளையங்கள் அந்த ரத்தப் புள்ளியில் ஏறக்குறைய இருக்கவே இருக்காது.